பிறப்புச் சான்றிதழை டைப் செய்யக் கொடுக்கிறீர்களா? முத்திரையைக் கவனியுங்கள்

தம்பியின் வெளிநாட்டு வேலைக்காக அவன் பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. பழைய தாள் என்பதால், அதில் உள்ளதை முதலில் சுத்தமாக டைப் செய்து வாங்கலாம் என்று மதுரையில் ஒரு டைப்பிங் கடையில் கொடுத்தேன். 400 ரூபாய். பத்தே நிமிடத்தில் பளிச்சென்று ஒரு தாள் கைக்கு வந்தது. அதைப் பார்த்த மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: "தம்பி பிறந்து பதினெட்டு வருஷம் கழிச்சா பதிஞ்சீங்க?"

தம்பி 1991-இல் மேலூரில் பிறந்தான். அந்த மாதமே பதிந்தாயிற்று. 2009-இல் நகல் வாங்கியபோது அடித்த வட்ட முத்திரைக்குள் ஒரு தேதி இருக்கிறது. கடையில் அதைத் தூக்கிப் 'பதிவு செய்த நாள்' கட்டத்தில் போட்டுவிட்டார்கள். ஒரு வருடம் கடந்து பதிந்தால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். இல்லாத உத்தரவுக்கு நான் எங்கே போவேன்?

அப்புறம்தான் அசலை வைத்து வரிவரியாக ஒப்பிட்டேன். அப்பா பெயர் குமாரவேல். தாளின் பின்னணியில் மங்கலாக இருக்கும் கோபுரச் சின்னம் கடையில் எடுத்த கறுப்பு வெள்ளை ஸ்கேனில் புள்ளி புள்ளியாக உடைந்து, ஒரு புள்ளி 'ர' மேல் உட்கார, 'குமார்வேல்' ஆகிவிட்டார். பதிவு எண் 183-இல் நடு இலக்கத்தின் மேல் முத்திரையின் விளிம்பு ஓடுகிறது. அதை 133 என்று ஊகித்து அடித்திருக்கிறார்கள்.

கலரில் 300 டிபிஐ வைத்து ஸ்கேன் செய்திருந்தாலே போதும். முத்திரை ஊதா, எழுத்து கறுப்பு. ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் Colors → Components → Extract Component போய் RGB Blue எடுத்தால் ஊதா வெளிறிவிடும், கறுப்பு நிற்கும். வீட்டில் செய்து பார்த்தேன், 8 தெளிவாகத் தெரிந்தது. முத்திரையும் கறுப்பு மையென்றால் இது பலிக்காது. அப்போது அந்த இலக்கத்தை ஊகிக்கக் கூடாது, இப்படி விட வேண்டும்:

```
பதிவு எண்: 1[முத்திரையால் மறைந்துள்ளது]3
[வட்ட முத்திரை, கறுப்பு; உள்ளே தேதி 02.07.2009]
[கையொப்பம்: வாசிக்க இயலவில்லை]
[பின்னணியில் நீர்க்குறி: கோபுரச் சின்னம்]
```

கையெழுத்துக்குக் கீழே பெயர் அச்சாகியிருந்தால் மட்டும் பெயரை எழுதலாம். கிறுக்கலைப் பார்த்துப் பெயர் கண்டுபிடிக்கக் கூடாது.

என்னை நடுங்க வைத்தது வேறொன்று. "பார்க்க நல்லா இருக்கட்டும்" என்று ஸ்கேனில் இருந்து முத்திரையையும் அதிகாரி கையெழுத்தையும் வெட்டி, டைப் செய்த தாளின் அடியில் ஒட்டியிருந்தார்கள். அந்த அலுவலகம் கொடுக்காத ஒரு தாளில் அந்த அலுவலகத்தின் முத்திரை! அதைத் தம்பி எங்காவது நீட்டியிருந்தால் போலிச் சான்றிதழ் என்று அவனைத்தான் பிடித்திருப்பார்கள்.

மறுநாள் கடைக்குப் போனேன். பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். சரி, போகட்டும் என்று, அந்தக் கோப்பை மட்டும் என் கண் முன்னால் கணினியில் இருந்து அழிக்க வைத்தேன். அச்சுத்தாளைக் கிழித்துப் போட்டேன்.