நேரத்தைக் குறைப்பதா, பொறுப்பைக் குறைப்பதா? நீண்ட விடுப்பு முடிந்து திரும்புபவருக்கு எந்த வழி சரி

கோவையில் பம்பு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். 180 பேர் வேலை செய்யும் இடம். 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்து ஒருவர் திரும்பி வரும்போது அவருடைய பழைய வேலையை எப்படித் திருப்பித் தருவது என்பதில் மூன்று வழிகளையும் முயன்று பார்த்திருக்கிறேன். முதல் நாளே முழுப் பொறுப்பையும் தந்துவிடுவது ஒன்று. சில வாரங்களுக்கு வேலை நேரத்தைக் குறைத்து மெல்லக் கூட்டுவது இன்னொன்று. நேரத்தைத் தொடாமல் பொறுப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் தருவது மூன்றாவது. நான் மூன்றாவது கட்சி. மற்ற இரண்டும் எல்லா இடத்திலும் தவறு என்று சொல்லமாட்டேன்.

நான்காவதாக ஒன்றும் உண்டு, “கைக்குழந்தைக்காரர், லேசான வேலை கொடுப்போம்” என்று வேறு நாற்காலியில் உட்கார வைப்பது. பார்க்கக் கருணையாக இருக்கும், நடப்பது பதவி இறக்கம். மகப்பேறு விடுப்பில் இருப்பவரின் பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்று 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டமே சொல்லியிருந்தது. விடுப்பு முடிந்த மறுநாள் அதைச் செய்தால் மட்டும் நியாயமாகிவிடாது. இதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

முதல் நாளே முழுப் பொறுப்பு

ஒரு மாத விடுப்புக்கு இது போதும். ஆறு மாதத்துக்குப் போதாது, அதற்குக் காரணம் மறதி இல்லை. சம்பளப் பட்டியல் போட்டவருக்கு அது மறக்காது. ஆறு மாதத்தில் அடியில் இருக்கும் விவரங்கள் மாறிவிடுகின்றன: புதிதாகச் சேர்ந்தவர்கள், ஊதிய உயர்வு, கேன்டீன் பிடித்தத்தில் ஒரு திருத்தம், மேலாளர் வாய்மொழியாகச் சொன்ன இரண்டு விதிவிலக்குகள். இவற்றில் பாதி எந்தக் கோப்பிலும் இருக்காது, இடையில் வேலையைப் பார்த்தவரின் தலைக்குள் இருக்கும். திரும்பி வந்தவர் பழைய விதிப்படி மிகச் சரியாகக் கணக்குப் போட்டுத் தவறான சம்பளம் தருவார்.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பிரிவில் அப்படித்தான் நடந்தது. மாதத்தின் முதல் தேதி திரும்பியவரிடம் அன்றே பட்டியலைக் கொடுத்தோம். ஏழாம் தேதிக்குள் சம்பளம் போயாக வேண்டும், அதே ஏழாம் தேதிதான் டிடிஎஸ் கட்டவும் கடைசி நாள். பன்னிரண்டு பேருக்குத் தொகை தவறியது. தவறு திட்டத்தில் இருந்தது, பழி அவர் மேல் விழுந்தது. “ஆறு மாதம் வீட்டில் இருந்துவிட்டு வந்தால் இப்படித்தான்” என்று ஒருவர் சொன்னது அவர் காதிலும் விழுந்தது.

நேரத்தைக் குறைக்கும் வழி

ஜெர்மனியில் ‘ஹாம்பர்க் முறை’ என்று ஒன்று உண்டு. நீண்ட நோய்க்குப் பிறகு திரும்புபவர் மருத்துவர் வகுத்த அட்டவணைப்படி இரண்டு மணி நேரத்திலோ நான்கு மணி நேரத்திலோ தொடங்கி, சில வாரங்களில் முழு நேரத்தை எட்டுவார். அங்கே அது நன்றாக ஓடுவதற்கு ஒரு காரணம் பலர் கவனிக்காதது: அந்தக் காலம் முழுவதும் அவர் சட்டப்படி நோய் விடுப்பில்தான் இருக்கிறார். அவருக்குப் பணம் தருவது பெரும்பாலும் நோய்க் காப்பீட்டு நிதி. ஆகவே அவர் இரண்டு மணி நேரம் இருக்கிறார் என்றால், அந்த அலுவலகம் அவரிடம் இரண்டு மணி நேர வேலையைக்கூட நம்பியிருக்க வேண்டியதில்லை.

இங்கே அந்த இடைவெளியை யாரும் நிரப்புவதில்லை. அரை நாள் என்றால் அரை நாள் சம்பளம், இல்லையென்றால் மிச்சமிருக்கும் விடுப்பிலிருந்து கழிவு. நிறுவனமே முழுச் சம்பளமும் தரும் என்றால் நல்லதுதான். ஆனால் அப்போதும் வேலை பாதியாவதில்லை. மாதத்தின் 26-ஆம் தேதி முதல் 7-ஆம் தேதி வரை சம்பளப் பிரிவில் வேலை மூட்டையாக வரும். 28-ஆம் தேதி பகல் ஒரு மணிக்கு ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால், மூன்று மணிக்கு வருகைப் பதிவு தாமதமாக வந்து சேரும், நான்கு மணிக்கு அவருக்குப் போன் போகும். நாங்கள் இதை முயன்றபோது குழந்தை தூங்கிய பிறகு இரவு பத்து மணிக்கு அவர் எனக்கு அனுப்பிய கணக்குகள் இன்னும் என் மின்னஞ்சலில் இருக்கின்றன. அரை நாள் சம்பளத்துக்கு முழு நாள் வேலை செய்தார்.

உடம்பே எல்லை என்றால் கதை வேறு. முதுகுத் தண்டு அறுவை, புற்றுநோய்ச் சிகிச்சை, விபத்து ஆகியவற்றுக்குப் பிறகு வருபவருக்கு நேரத்தைத்தான் முதலில் குறைக்க வேண்டும். மருத்துவரிடம் நோயின் பெயரைக் கேட்க வேண்டியதில்லை. தொடர்ந்து எவ்வளவு நேரம் உட்காரலாம், எவ்வளவு எடை தூக்கலாம், பயணம் செய்யலாமா என்று எழுதித் தரச் சொன்னால் போதும்.

இன்னொன்றையும் இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம், அங்கே நாளுக்கு நான்கு முறை போய்வருவது ஆகியவை சட்டம் தரும் உரிமைகள். எந்த வழியைத் தேர்ந்தாலும் இவை உண்டு. இவற்றையே ‘படிப்படியான திட்டம்’ என்று தாளில் எழுதி மனிதவளப் பிரிவுக்கு அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பொறுப்பைப் படியாகத் தருவது

கடைசியாக ஒருவர் ஆகஸ்ட் 10-ஆம் தேதி திரும்பினார். ஜூலை சம்பளம் போய் மூன்று நாள் ஆகியிருந்தது, அது எங்கள் அதிர்ஷ்டம். விடுப்பு முடியும் தேதியை நாம் நகர்த்த முடியாது. அடுத்த பட்டியல் யாருடையது என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம். நாட்களை எண்ணாமல் சம்பளச் சுழற்சிகளை எண்ணித் திட்டம் போட்டோம்.

ஆகஸ்ட் 25 வரை அவர் எதையும் தயாரித்துத் தர வேண்டியதில்லை. இடையில் வேலை பார்த்த தம்பி, பிப்ரவரியிலிருந்து மாறியவற்றை ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதித் தந்தார். பழைய நடைமுறை, புதிய நடைமுறை, யார் சொன்னது என்று மூன்று பத்திகள். ‘யார் சொன்னது’ என்ற பத்தியில் ஐந்து இடங்கள் காலியாக இருந்தன. அந்த ஐந்தையும் நானே விசாரித்து நிரப்பினேன்.

அடுத்து ஆகஸ்ட் பட்டியல். அதிகாரப்பூர்வமாகப் போட்டவர் தம்பி. அவர் போட்டதைப் பார்க்காமல் இவர் 40 பேருக்குத் தனியாகக் கணக்கிட்டார். கண்ணை மூடி 40 பேரைத் தேர்ந்தெடுக்கவில்லை. புதியவர்கள், ஊதிய உயர்வு பெற்றவர்கள், சம்பளமில்லா விடுப்பு எடுத்தவர்கள், பாதி மாதத்தில் விலகியவர்கள் என்று சிக்கலானவர்களாகப் பார்த்துக் கொடுத்தேன். ஏழு பேருக்குத் தொகை வேறுபட்டது. ஐந்து, புதிய கேன்டீன் பிடித்தம் இவர் கைக்கு இன்னும் பழகாததால் வந்தவை. ஒன்று தட்டச்சுப் பிழை. ஏழாவதில் தவறு தம்பியுடையது.

அது இஎஸ்ஐ, தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கான பிடித்தம். ஒருவரின் சம்பளம் ஜூலையில் 20,600-லிருந்து 21,800 ஆனது. வரம்பு 21,000 என்பதால் தம்பி அந்த மாதமே பிடித்தத்தை நிறுத்திவிட்டார். சந்தாக் காலம் ஏப்ரலில் தொடங்கி செப்டம்பரில் முடிகிறது. நடுவில் வரம்பைத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும் வரை, கூடிய சம்பளத்தின் மேல் சந்தா கட்டியாக வேண்டும். தொழிலாளி பங்கு 0.75 விழுக்காடு, சுமார் 164 ரூபாய். நிறுவனப் பங்கு 3.25 விழுக்காடு, சுமார் 709 ரூபாய். தொகை பெரிதில்லை. ஆனால் பிடித்தம் நின்றவரே அடுத்த மாதம் மருத்துவமனைக்குப் போயிருந்தால் பேச்சு வேறாக இருந்திருக்கும். விடுபட்ட மாதத்தை வட்டியோடு கட்டினோம்.

இந்த ஒரு பிழைக்காகவே இணைக் கணக்கை நான் விடமாட்டேன். திரும்பி வந்தவர் கற்றுக்கொள்பவராக மட்டும் இருந்தால் ஆறு வாரமும் அவமானமாகப் போகும். அன்று மாலை அவர் முகத்தில் இருந்த தெளிவு, பத்தாம் தேதி இருக்கவில்லை.

செப்டம்பர் பட்டியலை இவர் போட்டார், தம்பி சரிபார்த்தார். அக்டோபர் பட்டியலிலிருந்து தனியாக. வங்கியில் பணம் அனுப்பும் ஒப்புதலையும் அப்போதுதான் மாற்றினோம். அதை முதலில் தந்துவிட்டு வேலையைப் பிறகு தந்தால், தான் போடாத கணக்குக்கு அவர் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அக்டோபர் 31-க்குள் போக வேண்டிய காலாண்டு டிடிஎஸ் அறிக்கையைத் தம்பியே முடித்தார். ஜூலையில் அவர் தொடங்கிய காலாண்டு அது, முடிப்பதும் அவராகவே இருந்தால்தான் கேள்வி வந்தால் பதில் இருக்கும்.

தம்பியின் கதை

இந்த வழி கெடுவதென்றால் பெரும்பாலும் இங்கேதான் கெடும். ஆறு மாதம் நன்றாகச் செய்தவரிடம், “அக்கா வந்துவிட்டார், நன்றி” என்று சொல்லிவிட முடியாது. அவருக்கு அடுத்து என்ன என்று தெரியாவிட்டால் விட்டுக்கொடுக்கவும் மாட்டார். கடவுச்சொல் தாமதமாக வரும், ஒரு கோப்பு அவர் கணினியிலேயே தங்கும். கேட்டால், “உங்களுக்கு எதற்கு சிரமம் அக்கா, நானே பார்த்துக்கொள்கிறேன்” என்பார். மரியாதையாகத்தான் சொல்வார், அதனால் அக்காவும் மறுத்துப் பேச மாட்டார். அவரை ஜிஎஸ்டி வேலைக்கு மாற்றுவதாக, இவர் திரும்புவதற்கு மூன்று வாரம் முன்பே எழுத்தில் கொடுத்துவிட்டேன். தேதியும் போட்டேன்.

திட்டம் நகர்கிறதா என்பதைக் கூட்டம் போட்டுக் கேட்பதில் பயனில்லை, “நன்றாகப் போகிறது சார்” என்பார்கள். யாருடைய மேசைப் போன் அடிக்கிறது என்று பாருங்கள். செப்டம்பர் நடுவில்கூடப் பட்டறை மேற்பார்வையாளர்கள் ஓவர்டைம் சந்தேகத்துக்குத் தம்பியைத்தான் கூப்பிட்டார்கள். “இனி அக்காவைக் கேளுங்கள்” என்று மட்டும் சொல்லி வைக்கச் சொன்னேன். பதில் தெரிந்தாலும் சொல்லக் கூடாது. தம்பிக்கு அது கசந்தது. இரண்டு வாரத்தில் போன் இடம் மாறியது.

தேதிகளைப் பின்னால் தள்ளுவது சுலபம், அதனால் கவனம் வேண்டும். முன்னால் இழுக்கும் உரிமையை மட்டும் திரும்பி வந்தவரிடமே விட்டேன். இதற்கு முன் ஒருவர் இரண்டாம் வாரமே, “என்னை நோயாளி போல நடத்தாதீர்கள்” என்று சொல்லி ஒரு கட்டத்தைத் தாண்டினார். தாண்டியது சரியாகவே இருந்தது.

இந்த வழிக்கு இரண்டு பேரின் சம்பளம் இரண்டு மாதம் ஒரே வேலையில் செலவாகிறது. மூன்று பேர் மட்டும் இருக்கும் அலுவலகத்தில் இது நடக்காது, இடையில் பார்த்தவர் தற்காலிக ஆளாக இருந்து ஏற்கனவே போயிருப்பார். அங்கே போன மாதப் பட்டியலையே ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளலாம்: முடிந்துபோன கணக்கை அவர் புதிதாகப் போடட்டும், அனுப்பிய தொகையோடு ஒப்பிடட்டும். அதற்கு மூன்று நாள் ஆகும். தற்காலிக ஆள் கிளம்புவதற்கு முன் அந்த நோட்டை எழுதி வாங்கிவிட்டீர்களா என்பதுதான் அங்கே கேள்வி.