சுழல் தசமத்தைச் சரிபார்க்க: நீள் வகுத்தலா, கால்குலேட்டரா?

0.2363636… என்பதைப் பின்னமாக்கினால் 234/990, சுருக்கினால் 13/55. விடை சரிதானா?

நேரம்: கால்குலேட்டரில் ஒரு நொடி. கையால் வகுக்க மூன்றே படிகள்.

பிழை பிடிப்பது: 234-க்குப் பதில் 236/990 என எழுதியிருந்தால் 0.2383838… வரும், இரண்டு வழியிலும் தெரிந்துவிடும். சுழலாத 2-ஐக் கழிக்க மறப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

உறுதி: கால்குலேட்டர் 0.2363636364 என்று கடைசி இலக்கத்தை முழுமையாக்கிக் காட்டலாம். அந்த 4-ஐப் பார்த்து விடை தவறென்று அழித்துவிடாதீர்கள். திரைக்கு அப்பால் என்ன வருமென்று அது சொல்லாது. நீள் வகுத்தல் சொல்லும்: 130-ஐ 55-ஆல் வகுக்க ஈவு 2, மீதி 20. 200-க்கு ஈவு 3, மீதி 35. 350-க்கு ஈவு 6, மீண்டும் மீதி 20. மீதி திரும்பியதால் 36 முடிவின்றிச் சுழலும்.

விரைவாகப் பிழை தேட கால்குலேட்டர் போதும். தேர்வுத்தாளில் நான் வகுத்தே பார்ப்பேன். 1/17 போல 16 இலக்கம் சுழன்றால் மட்டும் பொறுமை வேண்டும்.