சராசரி எங்கே இருக்கும் என்று சொல்லாத டாலரன்ஸ் அறிக்கைக்குப் பணம் கொடுத்து ஏமாந்த கதை

பல பாகங்கள் வரிசையாகச் சேரும் ஒரு அமைப்பின் டாலரன்ஸ் கணக்கை வெளியாரிடம் கொடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்கு அந்தக் கணக்கைச் செய்து தந்த வடிவமைப்பு ஆலோசனை நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் தந்த அறிக்கையில் கூட்டல் கழித்தல் பிழை ஒன்றும் கிடையாது. ஆயினும் அதை நம்பிச் செய்த முதல் 200 அமைப்புகளில் 27 கடைசிப் படியில் பூட்டவே முடியாமல் நின்றன. அத்தனை பாகங்களும் வரைபடத்தில் குறித்த எல்லைக்குள்தான் இருந்தன.

அமைப்பு எளிமையானது. ஒரு ஷாஃப்ட்டின் ஷோல்டரை ஒட்டி ஒரு பேரிங், அதன் பின் ஒரு ஸ்பேசர், கியர், இன்னொரு ஸ்பேசர், இவை நழுவாமல் இருக்க முடிவில் ஒரு சர்க்லிப். ஷோல்டரிலிருந்து சர்க்லிப் காடியின் வெளிச்சுவர் வரையுள்ள நீளம் 71.65 மி.மீ., டாலரன்ஸ் ±0.10. அந்த நீளத்துக்குள் ஐந்து பாகங்களும் அடங்கி, மீதி ஒரு சிறிய இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி பூஜ்யத்துக்குக் கீழே போனால் சர்க்லிப் காடிக்குள் விழாது; 0.50-ஐத் தாண்டினால் கியர் முன்னும் பின்னும் ஆடும்.

பேரிங் அகலம் 15.00, அதில் 0.12 வரை குறையலாம், கூடக் கூடாது. ஆகவே அதை 14.94 ±0.06 என்று நடுவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சர்க்லிப் தடிமனும் அதேபோல் 1.47 ±0.03 ஆகிறது. ஸ்பேசர்கள் 20.00, 10.00, இரண்டுக்கும் ±0.08. கியர் ஹப் 25.00 ±0.10. நடு அளவுகளைக் கூட்டினால் 71.41, இடைவெளியின் நடு மதிப்பு 0.24. இந்த மாற்றத்தை அறிக்கை சரியாகவே செய்திருந்தது என்பதை நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒருபக்க டாலரன்ஸை நடுவுக்குக் கொண்டுவராமல் கணக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இனி இரண்டு வழிகள். முதலாவது, எல்லாப் பாகங்களும் ஒரே நேரத்தில் தத்தம் கெட்ட எல்லையில் வந்து நின்றால் என்ன ஆகும் என்று பார்க்கும் மோசமான நிலைக் கணக்கு. ஆறு டாலரன்ஸ்களையும் நேராகக் கூட்டினால் 0.45. ஆகவே இடைவெளி −0.21 முதல் 0.69 வரை எங்கும் வரலாம். அந்தக் கணக்குப்படி எங்கள் வடிவமைப்பு தேறாது. தேற வைக்க வேண்டுமானால் மொத்தத்தை 0.24-க்குள் அடக்க வேண்டும். பேரிங்கும் சர்க்லிப்பும் வாங்கும் பொருள்கள், அவற்றின் 0.09-ஐ நாம் குறைக்க முடியாது. மீதமுள்ள 0.15-ஐ நான்கு அளவுகள் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 0.04-கூடக் கிடைக்காது. லேத்தில் முடிகிற வேலை கிரைண்டிங் வரை போகும்.

இரண்டாவது வழி புள்ளியியல் கணக்கு. ஒரு பாகம் நீளமாக வரும்போது இன்னொன்று குட்டையாக வரும், எல்லாம் ஒரே பக்கம் சாய்வது அரிது என்ற எண்ணத்தில், டாலரன்ஸ்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பார்கள்.

```
T = √(0.06² + 0.08² + 0.10² + 0.08² + 0.03² + 0.10²) = 0.193
```

இதன்படி இடைவெளி 0.05 முதல் 0.43 வரை மட்டுமே. அறிக்கையின் முதல் பக்கத்தில் இந்த எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டு, 99.73 சதவீத அமைப்புகள் இந்த எல்லைக்குள் வரும் என்றும், இடைவெளி பூஜ்யத்துக்குக் கீழே போவது பத்தாயிரத்தில் ஒன்று என்றும், கிரைண்டிங் தேவையில்லை என்பதால் இவ்வளவு மிச்சம் என்றும் ஓர் அட்டவணை போட்டிருந்தார்கள். அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் நாங்கள் மயங்கினோம்.

முதல் தொகுதி வந்தபோது பொருத்துநர் சர்க்லிப் விழவில்லை என்றார். பேரிங்கை முழுதாக உள்ளே தள்ளவில்லை, அல்லது ஷோல்டரின் அடியில் பிசிறு இருக்கிறது என்று நான் அவரைச் சந்தேகப்பட்டேன். அதற்காக அவரிடம் பின்னர் மன்னிப்பும் கேட்டேன். பூட்டிய 173 அமைப்புகளின் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் வேறு என்று புரிந்தது. அறிக்கையின்படி அவை 0.24-ஐச் சுற்றி இருபுறமும் பரவியிருக்க வேண்டும். பெரும்பாலானவை 0.10-க்குக் கீழேயே நெருங்கிக் கிடந்தன, 0.20-ஐத் தொட்டது ஒன்றுகூட இல்லை. ஏதோ ஒன்றிரண்டு பாகம் கெட்டிருந்தால் பரவலின் ஓரம் மட்டும் கெடும். மொத்தக் கூட்டமே இடம் பெயர்ந்திருந்தால் சராசரி நகர்ந்திருக்கிறது என்று பொருள்.

பிறகு ஒவ்வொரு பாகத்திலும் 30 எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்தோம். பேரிங்கும் சர்க்லிப்பும் ஏறக்குறைய நடுவில் இருந்தன. இரண்டு ஸ்பேசர்களும் நடு அளவைவிடச் சராசரியாக 0.05 அதிகம். கியர் ஹப்பும் 0.05 அதிகம். ஷாஃப்ட்டின் காடி நீளம் மட்டும் 0.05 குறைவு. நான்கும் எல்லைக்குள்தான். அந்த நான்கு நகர்வும் இடைவெளியை ஒரே திசையில், குறைக்கும் திசையில், தள்ளுகின்றன என்பதுதான் சிக்கல்.

இது தற்செயல் அல்ல. ஸ்பேசரை லேத்தில் முகம் திருப்புகிறவர், அதாவது அதன் முனையைச் சீவி நீளத்துக்குக் கொண்டுவருகிறவர், நீளம் கொஞ்சம் கூடினால் மறுபடி ஒரு வெட்டுப் போட்டுச் சரிசெய்யலாம். குறைந்துவிட்டால் அது கழிவு. ஆகவே அவர் எப்போதும் மேல் எல்லைப் பக்கமே நிற்பார். ஷாஃப்ட்டில் காடி வெட்டுகிறவருக்கும் அதே பயம் நேர்மாறாக இருக்கும். வெளிச்சுவர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போக வேண்டுமானால் வெட்டிக்கொள்ளலாம், தாண்டிப் போனதைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் அவர் கீழ் எல்லைப் பக்கம் நிற்பார். இருவருமே உலோகத்தைக் கூடுதலாக மிச்சம் வைக்கும் பக்கம் நிற்கிறார்கள். ஒரு திறமையான தொழிலாளி செய்ய வேண்டியதையே செய்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் மிச்சம் வைத்த உலோகம் முழுவதும் எங்கள் இடைவெளிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

கணக்கைப் பாருங்கள். நான்கு நகர்வும் சேர்ந்து 0.20. ஆக இடைவெளியின் உண்மையான சராசரி 0.24 அல்ல, 0.04. பரவலோ அறிக்கை நினைத்ததைவிடக் குறுகலாகவே இருந்தது. நாங்கள் அளந்த பாகங்களின் சிதறலை வைத்துப் பார்த்தால் இடைவெளியின் திட்ட விலக்கம் 0.035 அளவில் வருகிறது. சராசரி 0.04-இல் இருந்து, திட்ட விலக்கம் 0.035 என்றால், நூற்றுக்குச் சுமார் 13 அமைப்புகள் பூஜ்யத்துக்குக் கீழே போகும். 200-க்கு 26. எங்களுக்கு 27. பத்தாயிரத்தில் ஒன்று என்று சொன்ன இடத்தில் இதுதான் நடந்தது.

வர்க்கமூலக் கணக்கு தவறான கணக்கு என்று நான் சொல்லவில்லை. சிதறல்கள் ஒன்றையொன்று ஈடுகட்டும் என்பது உண்மை; ஆனால் சராசரி நகர்வுகள் அப்படி ஈடுகட்டிக்கொள்ளாது, அவை நேராகக் கூடும். அந்தச் சூத்திரம் ஒவ்வொரு பாகத்தின் சராசரியும் நடுவில் இருக்கிறது, டாலரன்ஸ் என்பது மூன்று திட்ட விலக்கம், பாகங்கள் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொள்கிறது. இந்த மூன்றில் ஒன்றுகூட அறிக்கையில் எழுதப்படவில்லை. பாகம் செய்பவரிடம் அளவீட்டுத் தரவு கேட்டார்களா என்றால் அதுவும் இல்லை. இரண்டு ஸ்பேசர்களும் ஒரே லேத்தில் ஒரே கையால் ஆனவை என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

இதைவிட முக்கியமானது வரைபடம். 10.00 ±0.08 என்று எழுதினால், 9.92 முதல் 10.08 வரை எங்கே இருந்தாலும் பாகம் தேர்ச்சி பெற்றதுதான். இருநூறும் 10.07-இல் வந்தாலும் திருப்பி அனுப்ப நமக்கு உரிமை இல்லை. அதாவது புள்ளியியல் கணக்கு, பாகம் செய்பவர் ஒருபோதும் கொடுக்காத ஒரு வாக்குறுதியின் மேல் நிற்கிறது. அந்த வாக்குறுதியை வரைபடத்தில் கேட்கவும் வழி உண்டு, ASME Y14.5 தரத்தில், புள்ளியியல் முறையில் கொடுத்த டாலரன்ஸ் என்று காட்ட அறுகோணத்துக்குள் ST என்ற குறியே இருக்கிறது. எங்கள் வரைபடத்தில் அதுவும் இல்லை, அதற்கு ஈடான குறிப்பும் இல்லை.

நாங்கள் முறையிட்டபோது ஆலோசனை நிறுவனம் சொன்ன பதில், "எங்கள் கணக்கு சரி, உங்கள் பாகங்களின் சராசரி சரியில்லை" என்பது. பாகம் செய்தவர் சொன்ன பதில், "எல்லாம் டிராயிங்குக்குள் இருக்கிறது" என்பது. இரண்டும் உண்மை என்பதால் யாரையும் பிடிக்க முடியவில்லை. மறு கணக்குக்குத் தனிக் கட்டணம் என்றார்கள். கொடுக்கவில்லை, நாங்களே உட்கார்ந்து போட்டோம்.

பூட்டாத 27-க்கும் சின்ன ஸ்பேசரில் 0.10 முகம் திருப்பிச் சமாளித்தோம். அப்படி வெட்டிய பிறகும் அந்த ஸ்பேசர்கள் வரைபட எல்லைக்குள்தான் இருந்தன என்பது எனக்கு இன்னமும் சிரிப்பை வரவழைக்கிறது.

இப்படி ஓர் அறிக்கை உங்கள் கைக்கு வந்தால் முதலில் 1.5 பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். பெண்டர் என்பவர் முன்வைத்த பழைய வழி அது: சராசரி நகரும் என்பதற்காக வர்க்கமூல விடையை ஒன்றரை மடங்காக்குவது. எங்கள் 0.193 அப்போது 0.29 ஆகி, இடைவெளி −0.05 முதல் 0.53 வரை என்று காட்டியிருக்கும். கீழ் எல்லையைப் பொறுத்தவரை உண்மையில் நடந்ததற்கு இது அருகில் இருக்கிறது. ஒரு நிமிட வேலை. அறிக்கையை ஏற்கும் முன் இதைச் செய்திருந்தால் கேள்வி எழுந்திருக்கும்.

அதைவிட நேரான வழியைத்தான் இரண்டாம் தொகுதிக்குக் கையாண்டோம். நாங்கள் செய்விக்கும் நான்கு அளவுகளிலும் டாலரன்ஸை மாற்றாமல், தொகுதியின் சராசரி நடு அளவிலிருந்து 0.02-க்கு மேல் விலகக் கூடாது என்ற நிபந்தனையை வரைபடத்தில் சேர்த்தோம். நகர்வுகளை மோசமான நிலைபோல நேராகக் கூட்டினால் 0.08. எஞ்சிய சிதறலை, அதாவது ஸ்பேசருக்கு 0.06, ஹப்புக்கும் ஷாஃப்ட்டுக்கும் 0.08 என்று, பேரிங் சர்க்லிப்போடு சேர்த்து வர்க்கமூலம் எடுத்தால் 0.157. இரண்டும் சேர்ந்து 0.24-க்குச் சற்றுக் குறைவு. இடைவெளி பூஜ்யத்துக்கு மேலும் 0.48-க்குள்ளும் நிற்கிறது. கிரைண்டிங் வரவில்லை. இரண்டாம் 200-இல் அனைத்தும் பூட்டின. அளந்ததில் மிகக் குறைந்த இடைவெளி 0.09.

ஒவ்வொரு தொகுதியிலும் 30 பாகங்களை அளந்து சராசரியை எழுதித் தருவதற்குப் பாகம் செய்பவர் கூடுதல் கூலி கேட்டார், அது நியாயமும்கூட. ஆலோசனை நிறுவனத்தின் மிச்ச அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். அந்தச் செலவுக்கு அதில் ஒரு வரி கிடையாது.