இடம் பார்த்து அடிக்கும் ரிமைண்டரா, மணி பார்த்து அடிப்பதா?

ஐபோனில் இருக்கும் ரிமைண்டர்ஸ் ஆப்பில் இரண்டு வகையையும் ரொம்ப நாளாகப் பயன்படுத்துகிறேன். வீடு தாம்பரம் சானடோரியம், வேலை கிண்டியில், போக வர மின்சார ரயில்.

வழியில் குரோம்பேட்டையில் இறங்கி அம்மாவுக்கு மாத்திரை வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் முதலில் செய்வது, மேப்பில் மருந்துக் கடையைச் சுற்றி வட்டம் போட்டு "வந்து சேரும்போது" என்று வைப்பதுதான். ரயிலில் போகிறவருக்கு இது உதவாது. பேட்டரியை மிச்சப்படுத்த போன் எந்நேரமும் ஜிபிஎஸ் பார்ப்பதில்லை, செல் டவரையும் வைஃபையையும் வைத்துத்தான் பெரும்பாலும் கணிக்கிறது, அதனால் வட்டத்துக்குள் நுழைந்து ஓரிரு நிமிடம் கழித்து அடிப்பது சகஜம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் ரயில் இரண்டு நிமிடத்தில் 2 கிலோமீட்டர் போய்விடும். அடிக்கும்போது குரோம்பேட்டை பின்னால் போயிருக்கும்.

அதனால் கடையை விட்டுவிட்டு, ஆபீஸை விட்டுக் கிளம்பும்போது அடிக்கிற மாதிரி, Leaving என்று வைக்கிறேன். ஸ்டேஷனுக்கு நடக்கும்போதே அடித்துவிடும், மருந்துச் சீட்டு கையில் இருக்கிறதா என்று பார்க்கவும் நேரம் இருக்கும். வட்டத்தை மட்டும் குறைந்தபட்ச 100 மீட்டரிலேயே விடாமல் 300 மீட்டர் வரை இழுத்து விடுங்கள், இல்லையென்றால் எதிர்ப்பக்கம் டீ குடிக்கப் போனாலே அடிக்கும். பைக்கில் போய் கடை வாசலில் நிறுத்துகிறவர்களுக்குக் கடை வட்டமே போதும், அதுவும் சாலையோரக் கடை என்றால் கொஞ்சம் பெரிதாகப் போட வேண்டும்.

வீட்டு வேலைக்கு இடம் சரிப்படாது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மோட்டார் நிறுத்துவது, ராத்திரி தயிருக்கு உறை ஊற்றுவது, இட்லிக்கு அரிசி ஊறப்போடுவது எல்லாம் நேரத்தோடு கட்டியவை. "வீடு வந்ததும்" என்று வைத்தால் கையில் பையோடு செருப்பைக் கழற்றும்போது அடிக்கும், அந்த நேரத்தில் யார் அரிசி களைவார்கள்? ஞாயிற்றுக்கிழமை வெளியே போகவே இல்லை என்றால் அதுவும் அடிக்காது, ஏனென்றால் எல்லையைத் தாண்டினால்தான் அதற்குக் கணக்கு.

இன்னொரு முக்கியமான விஷயம். மணி ரிமைண்டரைத் தவறவிட்டால் பட்டியலில் தேதி சிவப்பாக மாறிக் காட்டிக்கொடுக்கும். இட ரிமைண்டர் அடிக்காமல் போனால் ஒரு தடயமும் இருக்காது. லொகேஷன் அணைந்திருந்தாலோ, அந்த ஆப்புக்கு Precise Location அணைந்திருந்தாலோ இப்படித்தான் ஆகும். அதனால் மாத்திரை மாதிரி விட்டுவிடக் கூடாத வேலைக்கு, கிளம்பும்போது அடிக்கும் ரிமைண்டரோடு சாயங்காலம் 6 மணிக்கு மணி ரிமைண்டர் ஒன்றும் தனியாக வைத்துவிடுகிறேன். கொத்தமல்லிக் கட்டுக்குக் கிளம்பும்போது அடிப்பது ஒன்றே போதும்.