சீன எந்திரக் கையேட்டைத் தமிழாக்க: ஆங்கிலப் படி வழியா, சீன மூலத்திலிருந்தா?

சீனாவிலிருந்து எந்திரம் வந்தால் பெட்டிக்குள் பெரும்பாலும் இரண்டு கையேடுகள் இருக்கும். ஒன்று சீனத்தில், இன்னொன்று தொழிற்சாலையே போட்டுக் கொடுத்த ஆங்கிலத்தில். எந்திரத்தில் நிற்பவர் தமிழில் படிக்க வேண்டும் என்றால் நமக்கு இரண்டு வழி உண்டு. ஆங்கிலப் படியை வைத்துத் தமிழாக்கலாம். சீனம் தெரிந்தவரை வைத்து மூலத்திலிருந்தே தமிழாக்கலாம். நாங்கள் சர்வோ மோட்டாரில் ஓடும் தகடு மடிக்கும் எந்திரம் ஒன்றுக்கு இரண்டாவது வழியை எடுத்தோம். பாதுகாப்புப் பகுதிகளுக்கு மட்டுமாவது எல்லோரும் அதையே எடுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஏன் என்பதுதான் இந்த அலசல்.

ஆங்கில வழிக்கு உள்ள வசதிகளை நீட்டி முழக்கத் தேவையில்லை. மொழிபெயர்ப்பவர் எளிதில் கிடைப்பார், வேலை சீக்கிரம் முடியும், செலவு குறைவு, சரிபார்க்க அலுவலகத்திலேயே ஆள் இருப்பார். எண்ணெய் மாற்றும் கால அளவு, மசகு இடும் இடங்கள், உதிரிபாகப் பட்டியல் போன்றவற்றில் ஆங்கிலப் படி அநேகமாகப் போதும். எண்ணும் படமும் இருக்கிற பக்கங்களில் மொழி அதிகம் குழப்பாது.

குழப்பம் வருவது, சீனத்தில் தனித்தனியாக நிற்கிற சொற்கள் ஆங்கிலத்தில் ஒன்றாகக் கலந்துவிடும் இடத்தில். எங்கள் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரே விஷயம்தான். எந்திரத்தை 'நிறுத்துவது' என்ற பொருளில் சீனக் கையேட்டில் மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வரும்.

```
停机   டிங்ஜி         ஓட்டத்தை நிறுத்துதல்
关机   குவான்ஜி       கன்ட்ரோலரை அணைத்தல்
断电   துவான்தியென்   மெயின் ஸ்விட்ச்சில் மின்சாரத்தைத் துண்டித்தல்
```

முதலாவதில் மோட்டார் நிற்கும், ஆனால் எந்திரத்தில் மின்சாரம் முழுதாக இருக்கும். இரண்டாவதில் திரை அணையும். உள்ளே எந்தப் பகுதிக்கு மின்சாரம் போகிறது, எதற்குப் போகவில்லை என்பது வயரிங்கைப் பொறுத்தது. மூன்றாவதில்தான் வெளியிலிருந்து வரும் மின்சாரமே அறுபடுகிறது. இவை ஒரே பொருளுள்ள மூன்று சொற்கள் அல்ல, எந்திரத்தின் மூன்று நிலைகள். தொழிற்சாலை ஆங்கிலத்தில் மூன்றுக்கும் 'ஆஃப்' என்றோ 'ஸ்டாப்' என்றோ அந்தந்தப் பக்கத்தை எழுதியவருக்குத் தோன்றியது விழுந்திருக்கும். ஒரு பக்கத்தில் ஒரு சொல், அடுத்த பக்கத்தில் வேறு சொல். அதைப் பார்த்துத் தமிழாக்குபவர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும், இல்லாத வேறுபாட்டை அவரால் மீட்க முடியாது.

மின்பெட்டி பற்றி இந்த வகைக் கையேடுகளில் வழக்கமாக வரும் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்.

```
断电5分钟后,方可打开电箱。
```

ஆங்கிலப் படியில் இது, 'பவர் ஆஃப் செய்து 5 நிமிடங்களுக்குப் பிறகு மின்பெட்டியைத் திறக்க முடியும்' என்ற பொருளில் வரும். அதிலிருந்து தமிழுக்கு வந்தால், 'எந்திரத்தை அணைத்து 5 நிமிடங்கள் கழித்து மின்பெட்டியைத் திறக்கலாம்' என்று ஆகும். படிக்க இதமாக இருக்கிறது. ஆனால் இரண்டு பொருள்கள் தொலைந்துவிட்டன.

முதலில் 'துவான்தியென்' தொலைந்தது. 'அணைத்து' என்று படித்த ஆள் பேனலில் உள்ள சாவியைத் திருப்புவார், திரை கறுத்துவிடும், 5 நிமிடம் காத்திருப்பார். பல எந்திரங்களில் அந்தச் சாவி கன்ட்ரோலரை மட்டும்தான் அணைக்கும். சர்வோ டிரைவுக்குப் போகும் மூன்று ஃபேஸ் மின்சாரம் மெயின் ஸ்விட்ச் வழியாக அப்படியே வந்துகொண்டிருக்கும். 380 வோல்ட் மின்சாரத்தை டிரைவ் நேர்மின்னாக மாற்றித் தன் கெப்பாசிட்டரில் வைத்திருக்கும்போது அங்கே சுமார் 540 வோல்ட் நிற்கும். மெயின் ஸ்விட்ச்சைத் துண்டித்தால்தான் அது வடியத் தொடங்கும். 5 நிமிடம் என்பது அந்த வடிதலுக்கான நேரம். சாவியை மட்டும் திருப்பிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தாலும் அந்த 540 வோல்ட் குறையாது. எச்சரிக்கையைச் சொன்னபடி பின்பற்றியவரே அடிபடுவார்.

அடுத்துத் தொலைந்தது அதே வரியில் உள்ள 方可, அதாவது 'ஃபாங்கெ'. அந்தச் சொல்லுக்கு 'அதற்குப் பிறகு மட்டுமே' என்று பொருள். ஆங்கிலத்தில் அது வெறும் 'முடியும்' ஆகிவிட்டது. தடையாக எழுதப்பட்ட வரி, அனுமதியாகப் படிக்கப்படுகிறது. தமிழில் 'பின்னர் திறக்கலாம்' என்பதற்கும் 'பின்னரே திறக்கலாம்' என்பதற்கும் நடுவே இருப்பது ஓர் ஏகாரம்தான். அவசரத்தில் படிப்பவர் கண்ணில் அது தங்காது. அதனால் மூலத்திலிருந்து மொழிபெயர்க்கும்போதுகூட ஏகாரத்தை நம்பி விட்டுவிடாமல், வாக்கியத்தைத் தடையாகவே திருப்பினோம்.

'அபாயம்: மின்பெட்டிக்குள் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். மெயின் ஸ்விட்ச்சைத் துண்டியுங்கள். துண்டித்து 5 நிமிடம் ஆகும் வரை மின்பெட்டியைத் திறக்காதீர்கள்.'

முதல் வரி என்ன கேடு என்று சொல்கிறது. அடுத்த இரண்டும் தவிர்க்கும் வழி, வாக்கியத்துக்கு ஒரு கட்டளை. சீன மூலத்தில் ஒரே வாக்கியமாக இருப்பதை இப்படி உடைப்பதில் பொருள் மாறவில்லை. அதே சமயம், 'துண்டித்து, காத்திருந்து, சோதித்து, திறந்து' என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டு போகும் நம் பழக்கத்தை எச்சரிக்கைகளில் விட்டாக வேண்டும். அந்தக் கோவையில் நடுவிலுள்ள வினையைத்தான் ஆள் தாண்டிப் போவார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மூன்று சீனச் சொற்களும் எல்லாத் தொழிற்சாலைகளிலும் மேலே சொன்னபடியே கறாராக ஆளப்படும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சீன மொழி தெரிந்தவர் அகராதிப் பொருளைச் சொல்லிவிடுவார். இந்த எந்திரத்தில் அது எந்த ஸ்விட்ச் என்பதை மின்சுற்றுப் படம்தான் சொல்லும். படத்தில் மெயின் பிரேக்கர் வழக்கமாக QF1 என்று இருக்கும், மோட்டார் கான்டாக்டர் KM1 என்று இருக்கும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் எது விழுகிறது, சாவியைத் திருப்பினால் எது விழுகிறது என்று விரலை வைத்துப் பார்த்து, அதன் பிறகே அந்தச் சொல்லுக்குத் தமிழை உறுதி செய்ய வேண்டும். எலக்ட்ரீஷியன் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு மணி நேர வேலை. ஆங்கிலப் படியை வைத்துக்கொண்டு இதைச் செய்யவே முடியாது, ஏனென்றால் எந்தச் சொல்லைச் சோதிப்பது என்றே தெரியாது.

அடுத்தது தலைப்புச் சொற்கள். அபாயம், எச்சரிக்கை, கவனம் என்று மூன்று படி வைப்பது உலக வழக்கம்: தவிர்க்காவிட்டால் சாவோ கடுங்காயமோ நிச்சயம் என்றால் முதலாவது, அவை நேரக்கூடும் என்றால் இரண்டாவது, சிறுகாயம் வரை என்றால் மூன்றாவது. எந்திரத்துக்கு மட்டும் சேதம் என்றால் நான்காவதாக ஒரு தலைப்பு. சீனக் கையேட்டில் 'ஜூயி' (注意) என்ற ஒரே சொல் சிறுகாயத்துக்கும் வரும், எந்திரச் சேதத்துக்கும் வரும், சும்மா ஒரு குறிப்புக்கும் வரும். இதில் சீன மூலமும் நம்மைக் காப்பாற்றாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மூலத்தில் அது ஒரே சொல்லாக இருப்பதால், எல்லா 'ஜூயி'களையும் தேடி எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் என்ன கேடு சொல்லப்பட்டிருக்கிறது என்று படித்துப் பிரிக்க முடிகிறது. ஆங்கிலத்தில் அது ஏற்கெனவே மூன்று நான்கு சொற்களாகச் சிதறி, 'நோட்' என்ற தலைப்பின் கீழ் விரல் நசுங்கும் செய்தி உட்கார்ந்திருக்கும். அதைத் தமிழில் 'குறிப்பு' என்று போட்டால் யாரும் படிக்கப் போவதில்லை.

எண்களிலும் ஒரு சின்னக் கண்ணி உண்டு. 'யீஷாங்' (以上) என்றால் 'மேல்' என்று எழுதிவிடுகிறார்கள். சீனச் சட்ட வழக்கில் அது குறிப்பிட்ட எண்ணையும் உள்ளடக்கும். '6 மி.மீ. யீஷாங்' என்பதை '6 மி.மீ. அல்லது அதற்கு மேல்' என்று எழுத வேண்டும்; '6 மி.மீ.-க்கு மேல்' என்றால் சரியாக 6 மி.மீ. தகடு வெளியே போய்விடும்.

பாகப் பெயர்களைப் பொறுத்தவரை கதை எளிது. மேலும் கீழும் நகரும் உத்திரத்துக்குச் சீனத்தில் 'ஹுவாகுவாய்' (滑块) என்று ஒரே பெயர். ஆங்கிலப் படியில் அது ஸ்லைடர், ராம், ஸ்லைடு பிளாக் என்று பக்கத்துக்குப் பக்கம் மாறும். ஆங்கிலம் வழி வந்தால் மூன்றும் மூன்று பாகம் என்று மொழிபெயர்ப்பவர் நம்புவார், படிப்பவரும் நம்புவார். மூலம் வழி வந்தால் சொற்பட்டியலில் ஒரு வரி போதும்: 'ராம்', வேறெதுவும் கூடாது. பட்டியலில் ஏற்ற சொல்லோடு விலக்கிய சொற்களையும் எழுதி வைத்தால்தான் அடுத்தவர் கையில் அது பயன்படும்.

முடிந்ததும் சரிபார்ப்பதற்கும் அந்தப் பட்டியல்தான். மூலக் கோப்பில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது, தமிழில் அதன் இணை எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, பொருந்தாத வாக்கியங்களை மட்டும் திறந்து பார்க்கலாம். ஒரு விஷயத்தில் ஏமாறக் கூடாது. சீனத்தில் சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. 断电 என்று தேடினால், 'மின்சாரத்தைத் துண்டி' எனும் 切断电源 என்பதன் நடுவிலும் அது அகப்படும். இங்கே பொருள் ஒன்றேதான் என்பதால் கேடில்லை. ஆனால் 注意 என்று தேடினால், அத்தியாயத் தலைப்பான 注意事项 என்பதெல்லாம் சேர்ந்து வந்து கணக்கு வீங்கும்.

ஆங்கிலமே சிறந்தது என்று ஆகும் சந்தர்ப்பமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006/42 எந்திர நெறிமுறைப்படி தயாரான கையேட்டில், அது மூல அறிவுறுத்தலா மொழிபெயர்ப்பா என்று எழுதியிருக்க வேண்டும். ஆங்கிலப் படியில் 'மூல அறிவுறுத்தல்கள்' என்று பொருள்படும்படி இருந்தால் தயாரிப்பாளர் அந்த ஆங்கிலத்துக்கே பொறுப்பேற்கிறார். அதிலிருந்து தமிழாக்குவதே முறை. 'மூல அறிவுறுத்தல்களின் மொழிபெயர்ப்பு' என்றிருந்தால் சீனப் படியைக் கேட்டு வாங்குங்கள். இரண்டும் இல்லாவிட்டாலும் வாங்குங்கள்.

நாங்கள் இதையெல்லாம் சொல்வது தகடு வெட்டும், மடிக்கும் எந்திரங்களை வைத்து. மருத்துவக் கருவிக்கோ மின்தூக்கிக்கோ தனி விதிகள் உண்டு. அங்கே இதை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

சீனம் தெரிந்தவர் கிடைக்கவே இல்லை, ஆங்கிலம்தான் கதி என்றாலும் ஒரு பாதி வழி இருக்கிறது. சீனப் படியின் பிடிஎஃப்பைத் திறந்து மேலே உள்ள மூன்று சொற்களையும் நகலெடுத்துத் தேடுங்கள். ஸ்கேன் செய்த படம் என்றால் முதலில் எழுத்துணரி மென்பொருளில் ஓட்ட வேண்டும். அகப்படும் ஒவ்வோர் இடத்திலும் பத்தி எண்ணை வைத்து ஆங்கிலப் படியின் அதே இடத்தைக் கண்டுபிடித்து, ஓரத்தில் டிங்ஜி, குவான்ஜி, துவான்தியென் என்று குறியுங்கள். எழுத்தைப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, வடிவம் பொருந்தினால் போதும். தமிழாக்குபவர் 'ஆஃப்' என்ற சொல்லைப் பார்க்கும்போது ஓரக்குறியைப் பார்த்து, மெயின் ஸ்விட்ச் என்று எழுதுவதா சாவி என்று எழுதுவதா எனத் தீர்மானிப்பார். குறி இல்லாத 'ஆஃப்' எதுவும் அச்சுக்குப் போகக் கூடாது. அதை எந்திரத்தின் முன்னால் நின்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு நிரப்புங்கள்.