வாட்ஸ்அப்பில் ஒன்று, வெப்சைட்டில் ஒன்று: ஒரு வருஷம் ஓட்டிய ஆர்டர் சாஃப்ட்வேர் பற்றி

பாண்டிச்சேரியில் ஊதுபத்தி விற்கும் நண்பர் ஒருவர், இந்த ஆர்டர் சாஃப்ட்வேரின் விலையைக் குறைத்திருக்கிறார்களே, வாங்கலாமா என்று கேட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் கடலூரில் எங்கள் முந்திரிக் கடையில் அதைத்தான் ஓட்டுகிறோம். பில், ஸ்டாக், கூரியர் ஸ்டிக்கர் எல்லாம் மற்றவற்றில் இருப்பது போலத்தான் இருக்கிறது, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது அதிலுள்ள "டூப்ளிகேட் ஆர்டர்" எச்சரிக்கை பற்றி.

ஒரே ஆள் ஏன் இரண்டு தடவை ஆர்டர் போடுகிறார்? பெரும்பாலும் நாம் பதில் சொல்லாததால்தான். ராத்திரி வாட்ஸ்அப்பில் அனுப்புவார், கடை மூடியிருக்கும், நீல டிக் விழாது, போய்ச் சேர்ந்ததோ இல்லையோ என்று வெப்சைட்டில் போய்ப் பணமும் கட்டிவிடுவார். பே பட்டனை இரண்டு தடவை அழுத்துவதை வெப்சைட்டே தடுத்துவிடும். இது இரண்டு வேறு வழியாக வருவதால் அதற்குத் தெரியாது.

இந்த சாஃப்ட்வேர் மூன்றைப் பார்க்கிறது: போன் நம்பர், சரக்கு, நேரம். நம்பரில் குறையே சொல்ல முடியாது. +91 இருந்தாலும், முன்னால் பூஜ்யம் இருந்தாலும், நடுவில் இடைவெளி விட்டாலும் கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும்தான் ஒப்பிடுகிறது. சரக்கில்தான் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். 320 ரக முந்திரி கேட்டு வாட்ஸ்அப்பில் "320 ஒரு கிலோ" என்று வரும், வெப்சைட்டில் அதுவே அரை கிலோ பாக்கெட் இரண்டு. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் எடையை ஒரு தடவை ஏற்றி வைத்தால் போதும், கிராம் கணக்கில் கூட்டிப் பார்த்து இரண்டும் ஒன்றுதான் என்று கண்டுபிடிக்கிறது. எதையும் தானாக அழிப்பதுமில்லை, இரண்டையும் நிறுத்தி வைத்துவிட்டு நம்மைக் கேட்கிறது. தங்கைக்கும் சேர்த்து வேண்டுமென்றே இரண்டு தடவை போடுகிறவர்களும் உண்டு, அதனால் இதுதான் சரி.

எரிச்சல் நேரத்தில்தான். அது பார்ப்பது வாடிக்கையாளர் மெசேஜ் அனுப்பிய நேரத்தை இல்லை, நம் பையன் அதை கம்ப்யூட்டரில் ஏற்றிய நேரத்தை!

நெய்வேலிக்காரர் ஒருவர் ராத்திரி 9.50-க்கு வாட்ஸ்அப்பில் ஒரு கிலோ 320-ம், கால் கிலோ உப்பு முந்திரியும் கேட்கிறார். 10.20-க்கு வெப்சைட்டில் அதையே போட்டுப் பணம் கட்டிவிடுகிறார். உண்மையில் இடைவெளி அரை மணி நேரம். பையன் காலையில் 10 மணிக்கு வந்து ராத்திரி மெசேஜ்களை ஏற்றுகிறான். சாஃப்ட்வேர் கணக்கில் இடைவெளி 11 மணி 40 நிமிஷம். அது பார்க்கும் எல்லையோ ஆறு மணி நேரம். சத்தமே வராது. பேக்கிங் மேசையில் ஒரே பேரில் இரண்டு ஸ்டிக்கர் கிடப்பதைப் பார்த்து யாராவது கேட்டால்தான் உண்டு. பார்சல் போகாமல் பிடித்துவிட்டாலும் அதுவரை ஸ்டாக்கில் இரண்டு மடங்கு கழிந்து, தீபாவளி நேரத்தில் வெப்சைட்டில் "இருப்பு இல்லை" என்று காட்டிக்கொண்டிருக்கும்.

ஆர்டர் தேதியை மாற்ற ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ராத்திரி நேரத்தைப் போட்டால் பில்லில் மாறுகிறது, எச்சரிக்கை மட்டும் அதைக் கண்டுகொள்வதில்லை. சரி, எல்லையை 24 மணி நேரமாக்கினோம். கடைக்கு வாட்ஸ்அப்பிலும் வீட்டுக்கு வெப்சைட்டிலும் அடிக்கடி வாங்கும் ஸ்வீட் கடைக்காரர் ஒருவரின் ஆர்டரெல்லாம் வரிசையாக நின்றுவிட்டது. அவர் போன் போட்டுத் திட்டினார், அதுவும் நியாயம்தான். கம்பெனியில் சொன்னால் "குறித்துக்கொண்டோம் சார்", அவ்வளவுதான்.

கடைசியில் காலையில் ஆர்டரை ஒரு ஷீட்டில் இறக்கி, வாட்ஸ்அப் வரிகளில் மெசேஜ் நேரத்தைக் கையால் திருத்தி நாங்களே பார்த்துக்கொள்கிறோம். B-யில் போன் நம்பர், C-யில் நேரம், E-யில் வந்த வழி. D-யில் இது:

```
=RIGHT(SUBSTITUTE(SUBSTITUTE(B2," ",""),"-",""),10)
```

F-இல் இது:

```
=COUNTIFS(D:D,D2,E:E,"<>"&E2,C:C,">="&C2-0.25,C:C,"<="&C2+0.25)
```

0.25 என்றால் கால் நாள், அதாவது ஆறு மணி நேரம். பூஜ்யத்துக்கு மேல் வந்தால், அதே நம்பர் இன்னொரு வழியிலும் வந்திருக்கிறது என்று அர்த்தம். சரக்கைக் கண்ணால் பார்த்து, பணம் கட்டிய வெப்சைட் ஆர்டரை வைத்துக்கொண்டு வாட்ஸ்அப் ஆர்டரை எடுத்துவிடுகிறோம். வீட்டுக்காரர் அவர் நம்பரிலும் அம்மா தன் நம்பரிலும் போட்டால் ஷீட்டும் பிடிக்காது, சாஃப்ட்வேரும் பிடிக்காது. அதற்கு விலாசத்தைத்தான் பார்க்க வேண்டும், தெருப் பெயரை ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறார்கள்.

கிராம் கணக்கு பார்க்கிற புத்திசாலிகளுக்கு ஒரு நேரத்தை மாற்றி எடுக்கத் தெரியாதா என்று நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. நண்பரிடம் வாங்காதீங்க என்றுதான் சொன்னேன். நான் போன வாரம் அடுத்த வருஷத்துக்கும் பணம் கட்டிவிட்டேன், அத்தனை பாக்கெட் எடையையும் இன்னொன்றில் முதலிலிருந்து ஏற்ற யாருக்குப் பொறுமை இருக்கிறது? வாங்கியே தீருவேன் என்றால், இலவசமாகத் தரும் நாட்களிலேயே ராத்திரி வந்த மெசேஜ் ஒன்றைக் காலையில் ஏற்றிப் பாருங்கள், எச்சரிக்கை வருகிறதா என்று.