1,840 டாலர் போச்சு: சூதாட்டத் தளத்தில் போட்ட பணத்தை வங்கி மீட்டுத் தரும் என்று நம்பியவன் எழுதுகிறேன்

நேற்று மாலைதான் வங்கியின் கடைசிக் கடிதம் வந்தது. கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1,840 டாலர். ஆன்லைன் கேசினோ ஒன்றில் போட்டேன். தளத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை, இதே மாதிரி நூறு இருக்கின்றன. சூதாடினாயே, உனக்கு வேண்டியதுதான் என்று திட்டுபவர்கள் திட்டிக்கொள்ளுங்கள், அதை வீட்டில் ஏற்கெனவே கேட்டாயிற்று. நான் சொல்லவந்தது வேறு. "கார்டில்தானே கட்டுறோம், ஏமாத்தினா பேங்க்ல சார்ஜ்பேக் போட்டு, கட்டின பணத்தைத் திரும்ப வாங்கிடலாம்" என்ற தைரியத்தில்தான் நான் பணமே போட்டேன். அந்தத் தைரியம் எவ்வளவு பொய் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் 240 போட்டேன். ஜெயித்தேன். 90 டாலரை எடுக்கக் கேட்டேன், இரண்டே நாளில் வந்துவிட்டது. நான் விழுந்த இடம் அதுதான். பணம் திரும்பி வந்துவிட்டால் மனசுக்கு வேறென்ன சான்று வேண்டும்? அடுத்து 400, பிறகு 600, மறுபடி 600. கடைசி 600-க்கு "இன்னொரு 600 போனஸ்" என்று ஒரு பெட்டி வந்தது. டிக் போட்டேன். கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்கவில்லை.

இருப்பு 5,200 வரை ஏறியது. எடுக்கக் கேட்டேன். இங்கிருந்து தொடங்கியது இழுத்தடிப்பு. "72 மணி நேரம் பொறுங்கள்." பொறுத்தேன். "அடையாள அட்டையின் ஓரம் தெரியவில்லை." மறுபடி அனுப்பினேன். "கார்டைக் கையில் பிடித்தபடி படம் வேண்டும்." அதையும் அனுப்பினேன். இதற்கு நடுவே, கேட்ட பணத்தை ரத்து செய்து திரும்ப ஆடுவதற்கான பொத்தானை மட்டும் பளிச்சென்று வைத்திருந்தார்கள். ஒன்பதாம் நாள் சாட்டில் வந்தவர், "அன்பான வாடிக்கையாளரே, போனஸ் நிபந்தனை பூர்த்தியாகவில்லை" என்றார். கணக்கைக் கேளுங்கள்: போட்டதும் போனஸும் சேர்த்து 1,200. அதன் 35 மடங்கு பந்தயம் கட்டியிருக்க வேண்டுமாம். 42,000 டாலர்! போதாக்குறைக்கு, போனஸ் இருக்கும்போது ஒரு சுற்றுக்கு 5 டாலருக்கு மேல் கட்டக் கூடாதாம், நான் ஒருமுறை 8 கட்டிவிட்டேனாம். ஜெயித்தது ரத்து, இருப்பு ரத்து, கணக்கு மூடப்பட்டது. அன்பான வாடிக்கையாளராம்!

சரி, வங்கி இருக்கிறதே என்று போனேன். இங்கே நான் செய்த முட்டாள்தனத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். படிவத்தில் காரணம் கேட்கும் இடத்தில் "இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை" என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அதுதான் சீக்கிரம் நடக்கும் என்று எவனோ சொன்னதைக் கேட்டு. மூன்று வாரத்தில் எதிர்த்தரப்பிலிருந்து கட்டுக்கட்டாகப் பதில் வந்தது: என் மின்னஞ்சல், நான் உள்ளே நுழைந்த நேரங்கள், ஐபி முகவரி, நானே அனுப்பிய அடையாள அட்டை, கார்டைப் பிடித்தபடி நிற்கும் என் படம்! அந்தப் படத்தை எதற்குக் கேட்டார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. எல்லாவற்றுக்கும் மேலே, நான்கு தடவையும் ஓடிபி போட்டு உறுதிசெய்திருக்கிறேன். ஓடிபி வழியாகப் போன பணத்தில் "நான் இல்லை" என்ற வழக்குக்கு வியாபாரி பொறுப்பில்லை, கார்டு கொடுத்த வங்கியின் தலையில்தான் பொதுவாக விழும். அது ஏன் என் பொய்யைத் தூக்கிச் சுமக்கப்போகிறது?

பிறகு உண்மையை எழுதி, "சேவை கிடைக்கவில்லை" என்று மறுபடி முறையிட்டேன். தகராறுப் பிரிவிலிருந்து ஓர் அம்மா பேசினார். கோபப்படாமல்தான் பேசினார், அதுதான் இன்னும் எரிச்சல்.

"சார், நீங்க போட்ட 600 அந்தத் தளத்துல உங்க இருப்பா ஏறுச்சா?"

"ஏறுச்சு."

"அதை வச்சு விளையாடுனீங்களா?"

"ஆமா, ஆனா ஜெயிச்ச பணத்தைத் தரலயே மேடம்!"

"அது வேற விஷயம் சார். கார்டுல நீங்க வாங்கினது அந்த இருப்பைத்தான். அது வந்துருச்சு."

இந்த ஒரு வாக்கியத்தில்தான் என் 1,840-ம் போனது. கார்டு தகராறு என்பது பணம் போன அந்த ஒரு பரிவர்த்தனையை மட்டும்தான் பார்க்கும். செருப்பு வாங்கினோம், வரவில்லை என்றால் பொருள் வரவில்லை. சூதாட்டத்தில் பொருள் என்பது விளையாடுவதற்கான இருப்பு. அது அடுத்த நொடியே ஏறிவிடுகிறது, அத்தோடு சேவை முடிந்தது. ஜெயித்ததைத் தர மறுப்பது, போனஸ் விதி, கணக்கை மூடியது எல்லாம் அதற்குப் பின்னால் நடந்தவை. கார்டு நிறுவனங்களின் விதிகள் அந்த இடத்துக்குப் பெரும்பாலும் வருவதே இல்லை. பணம் எடுக்கக் கேட்டபோது "உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது" என்று தளம் அனுப்பிய மின்னஞ்சலைக் காட்டினேன். அது கட்டிய பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்ன வாக்கு அல்ல, பந்தயத்தில் ஜெயித்த பணம் பற்றியது, செல்லாது என்றார்கள்.

இதற்குள் ஒரு வேடிக்கை. இடையில் 150 டாலர் ஒன்று கார்டில் போய், தளத்தில் இருப்பாக ஏறவே இல்லை. அதை மட்டும் வங்கி ஒரு கேள்வி கேட்காமல் மீட்டுக்கொடுத்தது. ஏறாத பணம் திரும்பும், ஏறிய பணம் திரும்பாது. ஒரே தளம், ஒரே கார்டு.

கடைசியாக இன்னொன்று பிடித்தேன். இரண்டு 600-ம் ஸ்டேட்மெண்டில் ஏதோ டிஜிட்டல் சேவைக் கடை பெயரில் இருந்தன. சூதாட்டத்துக்கு என்று கார்டு உலகில் 7995 என்ற வகைக் குறியீடு இருக்கிறது, பல வங்கிகள் அதைப் பார்த்தாலே தடுத்துவிடும். தடுக்காமல் இருக்கத்தான் இந்த மாறுவேடம். மோசடிதானே என்று குதித்தேன். புகாராகப் பதிவு செய்துகொள்கிறோம் என்றார்கள். பணம்? "நீங்கதான் என்ன தளம்னு தெரிஞ்சு ஓடிபி போட்டிருக்கீங்க சார்." முறையீடு மூடப்பட்டது.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், மனசில் தெம்பில்லை. ஓடிபி வரும் செய்தியில் தளத்தின் பெயர் இல்லாமல் வேறு கடை பெயர் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். போனஸ் பெட்டியில் டிக் போடாதீர்கள். பணம் ஏறவில்லை என்றால் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், முறையிட நாள் கணக்கு உண்டு. செய்ததைச் செய்யவில்லை என்று வங்கியிடம் எழுதாதீர்கள், அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது. நான் இதைப் பற்றி ஓரிடத்தில் புலம்பிய மறுநாளே, "உங்கள் 1,840-ஐ மீட்டுத் தருகிறோம், முன்பணம் 200 மட்டும்" என்று ஒருவன் செய்தி அனுப்பினான். அவனும் அதே கூட்டம்தான், பதிலே போடாதீர்கள். இன்று காலையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டுவிட்டான்.